பெட்டிங் ஆப் விளம்பரத்தில் பிரபலம்: நம்பிக்கை எங்கிருந்து வருகிறது, விதி எதைத் தடுக்கிறது

கேள்வி: “சின்ன வயசுலேருந்து பார்த்துட்டு வர்ற விளையாட்டு வீரர்களே பெட்டிங் ஆப் விளம்பரத்துல வர்றாங்க. விசாரிக்காமலா அவ்வளவு பெரிய ஆள் பேரைக் கொடுப்பார்? அது தப்புன்னா விளம்பர விதிகள் ஏன் தடுக்கலை?”

விசாரிப்பார்கள். ஆனால் நீங்கள் நினைக்கிற விசாரணை வேறு, அங்கே நடப்பது வேறு. ஒப்பந்தத்துக்கு முன் பிரபலத்தின் மேனேஜரும் வக்கீலும் பொதுவாகப் பார்ப்பது இவைதான்: பணம் எத்தனை தவணையில் வரும், படப்பிடிப்பு எத்தனை நாள், போட்டி நிறுவனத்துக்கு எத்தனை மாதம் நடிக்கக் கூடாது, வழக்கு வந்தால் செலவு யாருடையது. ஜெயித்த பணத்தை எடுக்கப் போனால் ஆப் என்னென்ன காரணம் சொல்லி இழுக்கிறது, கணக்கை முடக்கிவிட்டால் எங்கே போய் முறையிடுவது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் வர அவசியமே இல்லை. அவர் அந்த ஆப்பில் பணம் கட்டப்போகிறவர் அல்லவே.

பார்க்கிற நமக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. முன்பின் தெரியாத ஆப்பில் பணம் கட்டும் முன் ஒருவர் கேட்க வேண்டியது “என் பணம் திரும்பி வருமா, வராவிட்டால் யாரைப் பிடிப்பது?” என்பதுதான். இதற்குப் பதில் தேட நேரமாகும், சட்ட மொழியைப் படிக்க வேண்டும். விளம்பரத்தில் தெரிந்த முகம் வந்ததும் மனம் அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, சுலபமான இன்னொன்றை எடுத்துக்கொள்கிறது: “இவரை எனக்குத் தெரியுமா, பிடிக்குமா?” இதற்குப் பதில் நொடியில் கிடைத்துவிடும். கிடைத்த பதிலை முதல் கேள்விக்கும் பதிலாக வைத்துக்கொள்கிறோம். பெட்டிங் நிறுவனம் பிரபலத்துக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் இந்த இடமாற்றத்துக்குத்தான்.

இதன் அடியில் இருக்கும் ஒரு விஷயத்தை 1956-லேயே டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். டிவியில் அடிக்கடி பார்க்கும் ஒருவரோடு நமக்கு ஒருதலையான உறவு உண்டாகிறது. அவரைப் பழகிய ஆளாகவே மனம் நடத்துகிறது. அவருக்கோ நாம் இருப்பதே தெரியாது. விளையாட்டு வீரர் விஷயத்தில் இது இன்னும் ஆழமாகப் போகும். பத்துப் பதினைந்து வருடம் அவர் ஆடுவதைப் பார்த்திருப்போம். தோற்றபோது அழுதிருப்போம். அந்த வருடங்களில் சேர்ந்த நெருக்கத்தை முப்பது நொடி விளம்பரத்தில் ஒரு நிறுவனம் வாடகைக்கு எடுக்கிறது.

அப்புறம் திறமை. ஒருவர் சொல்வதை நம்புவதற்கு இரண்டு காரணம் இருக்கலாம்: அவர் பொய் சொல்லமாட்டார், அல்லது அவருக்கு விஷயம் தெரியும். சோப்பு விளம்பரத்தில் வரும் நடிகரிடம் இரண்டாவது காரணத்தை யாரும் எதிர்பார்ப்பதில்லை. பெட்டிங்கில் மட்டும் அது தானாக ஒட்டிக்கொள்கிறது. ஆட்டத்தைக் கரைத்துக் குடித்தவர், ஆட்டத்தை வைத்துப் பந்தயம் கட்டும் ஆப்பைக் காட்டுகிறார். அப்படியானால் ஆட்டம் தெரிந்தவனுக்கு இதில் காசு உண்டு என்ற எண்ணம் யாரும் வாயால் சொல்லாமலே வந்துவிடும். உண்மையில் பந்து எப்படித் திரும்பும் என்று தெரிவதற்கும், ஆப் வைத்திருக்கும் விலை நியாயமா என்று தெரிவதற்கும் சம்பந்தமே இல்லை.

அந்த விலையைக் கொஞ்சம் பார்த்துவிடலாம், கணக்கு சின்னதுதான். சம பலமுள்ள இரண்டு அணிகள், யார் ஜெயிப்பதற்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. நியாயமான ஆப் என்றால் 100 கட்டி ஜெயித்தவருக்கு 200 தர வேண்டும். ஆப் இரண்டு பக்கத்துக்கும் 1.90 என்று போடும், அதாவது ஜெயித்தால் கையில் வருவது 190. பாதி தடவை 190, பாதி தடவை பூஜ்யம். சராசரியாக 100-க்கு 95 திரும்புகிறது, 5 ஆப்பிடம் நிற்கிறது. இதில் மோசடி எதுவும் இல்லை; உரிமம் பெற்ற, ஒழுங்கான நிறுவனமும் இப்படித்தான் சம்பாதிக்கிறது.

இதில் போனஸைச் சேர்த்துப் பாருங்கள். “1000 கட்டினால் 1000 இலவசம்” என்று பிரபலம் சிரித்தபடி சொல்வார். நிபந்தனையில், பணத்தை எடுக்கும் முன் கட்டியதும் போனஸும் சேர்ந்த தொகையைப் போல 10 மடங்குக்குப் பந்தயம் வைத்திருக்க வேண்டும் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2000-இன் 10 மடங்கு 20,000. அதில் 100-க்கு 5 வீதம் சராசரியாகப் போவது 1000. இலவசமாக வந்த 1000 அதே வழியில் திரும்பிப் போய்விட்டது. மடங்கு 15 என்றால் கட்டிய காசிலிருந்தும் 500 போகும். சிலர் ஜெயித்து வெளியே வருவார்கள், வேறு சிலர் நிபந்தனையை முடிக்கும் முன்பே எல்லாவற்றையும் இழப்பார்கள். நான் சொல்வது சராசரி. விளம்பரத்தில் பெரிதாகத் தெரிவது முகமும் 1000-மும். 10 மடங்கு என்பது அடியில் பொடி எழுத்தில் இருக்கும்.

சம்பளம் எப்படிப் போகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரிய நட்சத்திரமும் இன்ஃப்ளுயன்சரும் பிரிகிறார்கள். நட்சத்திரத்துக்கு வழக்கமாக மொத்தத் தொகை. யார் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அது வந்துவிடும். யூடியூப், இன்ஸ்டாகிராம், டெலிகிராமில் இருப்பவர்களுக்குத் தனித்தனி புரோமோ கோடு அல்லது லிங்க் கொடுக்கப்படும். அதன் வழியே வந்து பணம் கட்டும் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று வாங்குவது ஒரு முறை. வந்தவர்கள் தோற்கும் பணத்தில் சதவீதம் வாங்குவது இன்னொரு முறை. ஒருவருக்கு 30 சதவீதம் என்று பேசியிருந்தால், அவர் கோடில் சேர்ந்தவர்கள் ஒரு மாதத்தில் மொத்தமாக ஒரு லட்சம் இழந்தபோது அவருக்கு 30,000. அவர்கள் ஜெயித்தால் அவருக்கு ஒன்றுமில்லை. “நாளைக்கு இந்த டீம்தான், கண்ணை மூடிட்டு போடுங்க” என்று டிப்ஸ் கொடுப்பவரின் வருமானம் அந்த டிப்ஸ் பலிக்காமல் போவதில் இருக்கலாம். எனக்கு இந்தத் தொழிலில் மிகவும் உறுத்துவது நட்சத்திரத்தின் பெரிய சம்பளம் அல்ல, இந்தச் சதவீத ஏற்பாடுதான்.

நேரலையில் லட்சக்கணக்கில் ஜெயித்துக் காட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கில் இருக்கும் பணம் அவருடையதா, நிறுவனம் ஏற்றிவிட்டதா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு அடையாளம் மட்டும் உண்டு: இரண்டு மணி நேரம் தோற்ற பிறகும் தொகை பற்றி அவர் கவலையே படவில்லை, பணத்தை வங்கிக்கு எடுக்கும் காட்சியும் வருவதில்லை என்றால், அவர் தன் காசில் ஆடவில்லை என்று சந்தேகப்படலாம்.

சரி, விதிகளுக்கு வருவோம். பெட்டிங்கை அனுமதிக்கும் நாடுகளில் விளம்பர விதிகள் முதலில் கை வைப்பது வார்த்தையில். பந்தயம் ஒரு வருமான வழி என்று சொல்லக் கூடாது, கடன் தொல்லைக்குத் தீர்வு என்று காட்டக் கூடாது, பந்தயம் கட்டுவதால் ஆளுக்கு மதிப்பும் கவர்ச்சியும் கூடுவதாகக் காட்டக் கூடாது, பணம் வாங்கிப் பேசினால் அதை மறைக்கக் கூடாது. இவை ஏறக்குறைய எல்லா இடத்திலும் இருக்கின்றன. பிரபலத்தை வைத்து எடுக்கும் விளம்பரம் இவற்றைச் சுலபமாகத் தாண்டிவிடும். அவர் எதையும் சொல்லவே வேண்டாம், நின்றால் போதும். பெரிய வீடும் விலையுயர்ந்த காரும் அவருக்கு ஏற்கனவே இருப்பது ஊருக்கே தெரியும். சொல்லாத வாக்கியத்தைத் தடை செய்ய விதியால் முடியாது.

அதனால்தான் பிரிட்டனில் முகத்தையே அளக்கும் விதி வந்தது. முன்பு அங்கே இருந்த சோதனை, விளம்பரத்தில் வருபவர் பெரியவர்களைவிட 18 வயதுக்கு உட்பட்டவர்களை அதிகமாக ஈர்க்கிறாரா என்பது. கால்பந்து வீரர் இதில் தப்பித்துவிடுவார், ஏனென்றால் அவரை அப்பாவுக்கும் பிடிக்கும், மகனுக்கும் பிடிக்கும். 2022 அக்டோபர் 1 முதல் சோதனை மாறியது. பெரியவர்களுக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது கணக்கிலேயே இல்லை; 18-க்குக் கீழே உள்ளவர்களுக்கு வலுவான ஈர்ப்பு இருந்தாலே அந்த ஆள் கூடாது. பெரிய கிளப்பில் ஆடும் வீரர்கள் இதில் அதிக ஆபத்துள்ள வகை. ஓய்வு பெற்றவரானால் அவர் இப்போது எங்கெல்லாம் தெரிகிறார், சமூக வலைத்தளத்தில் அவரைப் பின்தொடரும் சிறுவர்கள் எவ்வளவு என்று பார்த்து முடிவு செய்வார்கள்.

இது நடைமுறையில் எப்படி வேலை செய்தது என்பதற்கு அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஒரு தீர்ப்பு நல்ல உதாரணம். லாட்புரோக்ஸ் என்ற பந்தய நிறுவனம் ட்விட்டரில் ஒரு விளம்பரம் போட்டது. அந்தக் கோடையில் இங்கிலாந்து கால்பந்தின் பிரீமியர் லீக் கிளப்புகளுக்கு வந்த குடின்ஹோ, லிங்கார்ட், கூலிபாலி என்ற மூன்று வீரர்களின் படங்களைப் போட்டு, இவர்கள் மேல் இருக்கும் சந்தேகம் தீருமா என்கிற மாதிரி ஒரு வரி. அவ்வளவுதான். பந்தயம் கட்டு என்று வீரர்கள் சொல்லவில்லை, யாரும் பேசவும் இல்லை. வயதை வைத்து வடிகட்டித்தான் அனுப்பினோம், சிறுவர்களுக்குப் போகவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் அதை ஏற்கவில்லை. ட்விட்டரில் வயது என்பது பயனர் தானே போட்டுக்கொள்வது; பொய்யாக ஒரு பிறந்த வருடம் போட்ட சிறுவனை அந்த வடிகட்டியால் பிடிக்க முடியாது. மூன்று வீரர்களும் சிறுவர்களை வலுவாக ஈர்ப்பவர்கள். எனவே விளம்பரம் விதிமீறல். ஒப்பந்தம் இருந்ததா, எவ்வளவு சம்பளம் என்பதெல்லாம் தீர்ப்பைத் தீர்மானிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த முகம் யாரை இழுக்கும் என்பது மட்டுமே கேள்வி.

பிரிட்டனில் 25 வயது விதி ஒன்றும் உண்டு. 25-க்குக் கீழே இருப்பவரோ, அப்படித் தோற்றம் உள்ளவரோ பந்தயம் ஆடுவதாகவும் காட்டக் கூடாது, விளம்பரத்தில் முக்கியப் பங்கிலும் வரக் கூடாது. ஆனால் பந்தயமே அவரைப் பற்றியது என்றால், நேரடியாகப் பந்தயம் கட்டும் பக்கத்தில் 18 முதல் 24 வயதுள்ள வீரரின் படத்துக்கு விலக்கு இருக்கிறது.

ஆனால் இந்த விதியும் ஒரு எல்லையோடு நின்றுவிடுகிறது. இது காப்பாற்றுவது சிறுவர்களை. 35 வயதுக்காரர், தான் இருபது வருடம் பார்த்து ரசித்த, இன்றைய சிறுவர்களுக்குப் பெயரே தெரியாத பழைய வீரரைப் பார்த்து நம்பினால், விதிக்கு அதில் ஆட்சேபணை இல்லை. நான் மேலே சொன்ன இடமாற்றம் அவருக்குத்தான் முழுமையாக நடக்கிறது.

இதை உணர்ந்த சில நாடுகள், யாரை ஈர்க்கும் என்று அளப்பதை விட்டுவிட்டு நேராக முகங்களைத் தடை செய்யப் பார்த்தன. நெதர்லாந்து 2022 ஜூன் 30 முதல் வீரர்கள், பிரபலங்கள், இன்ஃப்ளுயன்சர்கள் எனப் பலர் முன்மாதிரியாக நினைக்கும் ஆட்களைப் பந்தய விளம்பரத்தில் பயன்படுத்துவதைத் தடுத்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2024 பிப்ரவரி 28 முதல் விளையாட்டு வீரர்களை, ஓய்வு பெற்றவர்களையும் சேர்த்து, தடை செய்தது. பொறுப்போடு விளையாடுங்கள் என்று அறிவுறுத்தும் விளம்பரத்துக்கு மட்டும் விலக்கு. அதன் பிறகு ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் கானர் மெக்டேவிட், முன்பு தன்னை வைத்து விளம்பரம் செய்த அதே பெட்எம்ஜிஎம் நிறுவனத்துக்காகப் பொறுப்பான ஆட்டம் பற்றிய விளம்பரத்தில் வந்தார். விதிப்படி சரிதான். முகமும் நிறுவனத்தின் பெயரும் மறுபடி ஒரே திரையில் வந்தன என்பதும் உண்மைதான்.

ஸ்பெயினில் கதை வேறு மாதிரி முடிந்தது. 2020-இல் வந்த அரசாணை பிரபலங்களைப் பந்தய விளம்பரத்தில் காட்டத் தடை விதித்தது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையும் வேறு சிலவற்றையும் ரத்து செய்துவிட்டது. வணிக சுதந்திரத்தை இந்த அளவுக்குக் கட்டுப்படுத்துவதென்றால் நாடாளுமன்றச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்க வேண்டும், அரசாணை மட்டும் போதாது என்பது காரணம். விளம்பர விதி ஏன் முழுதாகத் தடுப்பதில்லை என்று கேட்டீர்களே, அதற்கான பதிலில் ஒரு பகுதி இது. பந்தயம் சட்டப்படி நடக்கும் தொழில் என்று அனுமதித்துவிட்டு, அது தன்னை அறிமுகப்படுத்துவதை எவ்வளவு தூரம் தடுக்கலாம் என்பதில் அரசின் கையும் கட்டுப்பட்டிருக்கிறது.

இன்னொரு வழி, முகத்துக்குச் சொந்தக்காரரையே பொறுப்பாக்குவது. இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 அதைச் செய்கிறது. தவறான விளம்பரத்தில் வரும் பிரபலத்துக்கு முதல் தடவை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம். ஒரு வருடம் வரை எந்தப் பொருளுக்கும் நடிக்கத் தடை, அடுத்த தடவை மூன்று வருடம் வரை. சொன்னது உண்மைதானா என்று உரிய கவனத்தோடு சரிபார்த்தேன் என்று காட்டினால் அபராதத்திலிருந்து தப்பலாம். “விசாரிக்காமலா பேர் கொடுப்பார்” என்ற உங்கள் எதிர்பார்ப்பைச் சட்டம் கடமையாக மாற்றப் பார்த்திருக்கிறது என்று சொல்லலாம். சிக்கல், எந்த வாசகத்தைச் சரிபார்ப்பது என்பதில். விளம்பரத்தில் பொய்யான வாசகமே இல்லை, “ஆடுங்க, ஜமாய்ங்க” என்பது மட்டும் இருந்தால், சரிபார்க்கவும் ஒன்றும் இல்லை.

தடை வந்த இடங்களில் விளம்பரம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. பந்தய நிறுவனம் தன் பெயரிலும் லோகோவிலும் ஒரு விளையாட்டுச் செய்தித் தளம் தொடங்கும், பிரபலம் அந்தச் செய்தித் தளத்துக்குத்தான் விளம்பரம் செய்வார். 2022 அக்டோபரில் இந்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் வெளியிட்ட அறிவுறுத்தலில் ஃபேர்பிளே, பாரிமேட்ச், பெட்வே, வுல்ஃப்777, 1xBet ஆகிய பெயர்களைச் சொல்லியே இந்த உத்தியைக் குறிப்பிட்டார்கள். லோகோ ஒன்றுதான், பின்னால் இருக்கும் தளம் பந்தயத் தளம்தான் என்றார்கள். இத்தாலியில் 2018-லேயே பந்தய விளம்பரத்துக்குத் தடை. இருந்தும் 2024-இல் இன்டர் மிலான் கால்பந்து கிளப்பின் சட்டையில் ஒரு பந்தய நிறுவனத்தின் பெயர் கொண்ட விளையாட்டுச் செய்தித் தளம் வந்தது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய திறமை வேண்டாம். செய்தித் தளம் என்றால் அதற்கு ஏன் இவ்வளவு விளம்பரச் செலவு, அதில் ஒரு நாளில் எத்தனை செய்தி வருகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கடைசியாக, பிரபலம் சம்மதிக்கவே வேண்டாம் என்ற நிலையும் வந்துவிட்டது. 2024 ஜனவரியில் சச்சின் டெண்டுல்கர் ஒரு கேம் ஆப்பைப் பரிந்துரைப்பது போன்ற வீடியோ பரவியது. அது போலி என்று அவரே எக்ஸ் தளத்தில் எழுத வேண்டியிருந்தது. விதியும் அபராதமும் கையெழுத்துப் போட்டவரைத்தான் பிடிக்கும். இங்கே யாரும் கையெழுத்தே போடவில்லை.

ஆக, முகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சரிபார்க்கக்கூடியது ஒன்று உண்டு. பந்தயத்துக்கு உரிமம் தரும் நாடுகளில் ஒழுங்கான ஆப்பின் அடிப்பகுதியில் உரிமம் கொடுத்த அமைப்பின் பெயரும் எண்ணும் இருக்கும். அங்கே இருக்கும் லோகோவைக் கிளிக் செய்யாதீர்கள், அது எந்தப் பக்கத்துக்கும் போகலாம். அந்த அமைப்பின் தளத்தை நீங்களே தனியாகத் திறந்து பதிவேட்டில் எண்ணைத் தேடுங்கள். பிரிட்டனின் பதிவேட்டில் உரிமம் பெற்றவர் நடத்தும் இணைய முகவரிகளும் இருக்கும். உங்கள் திரையில் இருக்கும் முகவரி அதில் எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எண் உண்மையானதாக இருந்தாலும் அது வேறொருவருடையது. உரிமம் வேறு நாட்டுடையது என்றால், உங்கள் பணம் மாட்டிக்கொண்டால் அந்த அமைப்பு உங்கள் புகாரை எடுத்துக்கொள்ளுமா என்பதையும் அங்கேயே படித்துவிடலாம். இந்தியாவில் இந்தத் தேடலுக்கும் இடமில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்கிறது. அவற்றுக்கு விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. அங்கே ஒரு பெரிய முகம் பெட்டிங் ஆப்பைக் காட்டினால், ஒன்று அந்த வீடியோ போலி, அல்லது அந்த விளம்பரம் சட்டம் சொல்வதற்கு எதிரானது.